இருபொருள் வாக்கியமும் எழுதியவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும்

1. பிழையும் ஐயமும்

அச்சுக்குப் போகும் பிரதியைச் செம்மைப்படுத்துபவர் இரண்டு வகைக் குறைகளைச் சந்திக்கிறார். முதல் வகையில், எழுதியவர் சொல்ல வந்தது எது என்பதில் ஐயமே இராது. சொன்ன விதத்தில்தான் பிழை இருக்கும். ‘மாணவர்கள் ஊர்வலமாக வந்தது’ என்று இருந்தால் அதை ‘வந்தார்கள்’ என்று திருத்த யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாம் வகை வேறு. எழுவாயும் பயனிலையும் இசைந்திருக்கும், ஒற்றுகள் உரிய இடத்தில் இருக்கும், இலக்கணம் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வாக்கியத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம். எப்படிப் படிக்கிறோமோ அதற்கேற்பச் செய்தியும் மாறும்.

ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கையில் ‘இந்த ஆண்டு வந்த எல்லா விண்ணப்பங்களும் ஏற்கப்படவில்லை’ என்று ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றுகூட ஏற்கப்படவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். சில ஏற்கப்பட்டன, எல்லாம் ஏற்கப்படவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். பேச்சில் ‘எல்லா’ என்ற சொல்லை அழுத்திச் சொன்னால் இரண்டாவது பொருள் கிடைத்துவிடும். அச்சில் அந்த அழுத்தம் இல்லை.

செம்மைப்படுத்துபவர் தாமே ஊகித்து ‘ஒரு விண்ணப்பமும் ஏற்கப்படவில்லை’ என்று மாற்றினால் நடை தெளிந்துவிடும். ஆனால் வந்த 60 விண்ணப்பங்களில் 40 ஏற்கப்பட்டிருந்தால், அந்தத் தெளிவான வாக்கியம் பொய். முன்பு இருந்தது மங்கலான வாக்கியம். அதற்குள் உண்மையும் இருந்தது. திருத்தத்துக்குப் பின் உண்மை வெளியேறிவிட்டது.

ஊகத்தின் கேடு தவறாகிப் போவதோடு முடிவதில்லை. தவறான ஊகம் தடயத்தையும் அழித்துவிடுகிறது. மங்கலான வாக்கியம் படிப்பவரைச் சற்று நிறுத்தும். மெய்ப்புப் பார்ப்பவரோ எழுதியவரின் நண்பரோ ‘இது என்ன, ஒன்றுமே ஏற்கவில்லையா?’ என்று கேட்க இடம் இருக்கும். ஊகித்துத் தெளிவாக்கிய வாக்கியம் யாரையும் நிறுத்தாது. மெய்ப்புப் படிப்பவர் அதைத் தடையின்றிக் கடந்து போவார். எழுதியவரும், தாம் எழுதியதைத்தான் படிக்கிறோம் என்ற நினைப்பில், மாற்றத்தைக் கவனிக்காமல் போகலாம். நூல் வெளிவந்த பிறகு அங்கே ஒரு ஐயம் இருந்தது என்பதற்கே அடையாளம் இராது.

ஆகவே இருபொருள் வாக்கியத்தைத் திருத்துவது மொழியைப் பற்றிய வேலையாகத் தோன்றினாலும், உண்மையில் அது நடந்தது என்ன என்பதைத் தீர்மானிக்கும் வேலை. மொழி அறிவு எவ்வளவு இருந்தாலும் 60 விண்ணப்பங்களில் எத்தனை ஏற்கப்பட்டன என்பதை அது சொல்லாது. அது தெரிந்தவர் எழுதியவர். அவரைக் கேட்பதே இங்கே திருத்தத்தின் முதல் படி.

2. தமிழில் இருபொருள் பிறக்கும் இடங்கள்

எந்த வாக்கியத்தில் ஐயம் இருக்கிறது என்பது கண்ணில் பட்டால்தான் கேட்க முடியும். தமிழில் இத்தகைய ஐயம் எங்கு வேண்டுமானாலும் பிறப்பதில்லை; சில இடங்களில் திரும்பத் திரும்பப் பிறக்கிறது.

முதலாவது, வேற்றுமை உருபு மறைந்திருக்கும் பெயரெச்சத் தொடர். இதை இலக்கணிகள் மிகப் பழங்காலத்திலேயே கண்டிருக்கிறார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல், தடுமாறு தொழிற்பெயர் என்ற பெயரில் இதை ஆராய்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ‘புலி கொல் யானை’. யானை புலியைக் கொன்றதா, புலியால் கொல்லப்பட்டதா என்பது அந்தத் தொடரில் இல்லை. ‘புலியை’ என்றோ ‘புலியால்’ என்றோ உருபு விரிந்தால் ஐயம் தீரும். உருபு தொக்கு நிற்கும்வரை இரண்டுக்கும் இடம் உண்டு. பின்னால் வரும் சொல்லைக் கொண்டு பொருளை அறியலாம் என்பது இலக்கண மரபு காட்டும் வழி. யானை ஓடுகிறது என்று தொடர்ந்தால் அது உயிருள்ள யானை. அதன் கொம்பு வந்து சேர்ந்தது என்று தொடர்ந்தால் அது இறந்த யானை. இன்றைய செய்தியில் வரும் ‘காவலர் தாக்கிய இளைஞர்’ என்ற தொடரிலும் இதே சிக்கல்தான். பேச்சு வழக்கு ஒரு பொருளை முன்னால் நிறுத்தினாலும், தலைப்பில் தனியாக நிற்கும்போது மற்றதும் எட்டிப் பார்க்கும்.

இதை ஒட்டியதுதான் பெயரெச்சம் எந்தப் பெயரைத் தழுவுகிறது என்ற ஐயம். ‘சென்னையிலிருந்து வந்த ஆசிரியரின் மகள்’ என்றால் சென்னையிலிருந்து வந்தவர் ஆசிரியரா, மகளா? பெயரெச்சம் அடுத்து நிற்கும் பெயரையும் தழுவலாம், அதைத் தாண்டியும் போகலாம். ‘வந்த’ என்பதற்குப் பின் காற்புள்ளி இட்டால் மகளைத்தான் குறிக்கும் என்று எழுதுபவர் நினைக்கலாம். ஆனால் எல்லா வாசகரும் அந்தப் புள்ளியை அப்படிப் படிப்பார்கள் என்பதற்கு உறுதி இல்லை.

இரண்டாவது, எதிர்மறை எதுவரை செல்கிறது என்ற ஐயம். மேலே கண்ட ‘எல்லா… இல்லை’ அதில் ஒரு வகை. அதைவிடக் கூடுதலாக ஏமாற்றுவது ‘போல்’ என்ற சொல்லோடு வரும் எதிர்மறை. ‘அவர் தம் தந்தையைப் போல் வணிகம் செய்யவில்லை’ என்ற வாக்கியத்தில் தந்தை வணிகர், மகன் வணிகர் அல்லர் என்ற பொருள் உண்டு. தந்தையும் வணிகம் செய்யவில்லை, அவரைப் போலவே மகனும் செய்யவில்லை என்ற பொருளும் உண்டு. இருவரும் வணிகர்களே, மகன் நடத்திய முறைதான் வேறு என்பது மூன்றாவது. ‘காரணமாக’, ‘என்பதற்காக’ என்று முடியும் தொடர்களின் பின் எதிர்மறை வந்தாலும் இதே தொல்லை. ‘நோயின் காரணமாக அவர் பதவி விலகவில்லை’ என்றால், அவர் விலகினாரா இல்லையா என்பதே தெரியாது.

மூன்றாவது, சுட்டுப்பெயரும் மறைந்த எழுவாயும். ‘கந்தசாமி வேலனிடம் அவருடைய நிலத்தை விற்றுவிட்டதாகச் சொன்னார்’ என்பதில் நிலம் யாருடையது, விற்றவர் யார் என்று இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தமிழில் எழுவாயை விட்டுவிடுவது இயல்பு. அது நடைக்கு அழகும் தருகிறது. ஆனால் இருவர் இருக்கும் வாக்கியத்தில் அது விலை கேட்கும். ‘அவருடைய’ என்பதைத் ‘தன்’ என்று மாற்றுவது பல அலுவலகங்களில் பழக்கத்தால் நடக்கும் திருத்தம். இந்த வாக்கியத்தில் அந்தச் சிறு மாற்றம் நிலத்தைக் கந்தசாமியின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது.

நான்காவது, ஒற்றும் இடைவெளியும். ‘தந்த பலகை’ என்றால் யாரோ கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. இது பள்ளிப் பாடத்தில் வரும் எடுத்துக்காட்டுதான். ஆனால் ஒரு பழைய வீட்டின் பொருள் பட்டியலில் ‘தந்த பலகை ஒன்று’ என்று இருக்கும்போது அது பள்ளிப் பாடம் அல்ல. பட்டியலை எழுதியவர் மற்ற இடங்களிலும் ஒற்றைத் தவறவிடுபவரா, அல்லது இது கொடையாக வந்த பொருளா என்று பார்க்க வேண்டும். ஒற்றுப் பிழை திருத்துவது இயந்திரம்போல் செய்யத்தக்க வேலை என்று கருதப்படுவதால் இந்த வகை ஐயமே மிக எளிதில் கவனம் தப்புகிறது.

3. கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை

ஐயம் தோன்றிய உடனே எழுதியவரிடம் ஓடுவதும் சரியல்ல. புலி கொல் யானைக்கு இலக்கணிகள் காட்டிய வழியே முதல் வழி: முன்னும் பின்னும் பார்ப்பது. பக்கத்தில் நிற்கும் வாக்கியம் பெரும்பாலான ஐயங்களைத் தீர்த்துவிடும். ஆண்டறிக்கையின் அடுத்த பத்தியில் ‘ஏற்கப்பட்ட 40 பேருக்கும்’ என்று வந்தால் கேள்விக்கே வேலையில்லை. அந்தப் பிரதியின் அட்டவணை, படத்தின் கீழ் உள்ள குறிப்பு, பின்னிணைப்பு, சொல்லடைவு ஆகியவற்றிலும் விடை இருக்கலாம். பிரதிக்குள்ளேயே விடை இருக்கும் கேள்வியை எழுதியவரிடம் கேட்டால், தம் நூல் ஒழுங்காகப் படிக்கப்படவில்லை என்று அவர் முடிவு செய்வார். அதன்பின் வரும் நல்ல கேள்விகளுக்கும் மதிப்புக் குறையும்.

ஆனால் சூழலைக் கொண்டு தீர்க்கும்போது ஒரு கண்டிப்பு வேண்டும். சூழல் ஒரு பொருளை விலக்குகிறதா, அல்லது மற்றதைச் சற்று அதிக இயல்பாக்குகிறதா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விலக்கினால் அது சான்று, திருத்திவிடலாம். இயல்பாக்குவது மட்டுமே என்றால் அது இன்னும் ஊகம்தான். ‘அப்படித்தான் இருக்கும்’ என்று மனம் சொல்கிற இடத்தில் சான்று எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருக்கிறது என்று விரலால் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியாவிட்டால் கேட்க வேண்டும்.

இதைவிடக் கடினமானது இரண்டாவது பொருள் இருப்பதையே உணர்வது. ஒரு வாக்கியத்தை ஒரு விதமாகப் படித்துவிட்ட மனம் மற்ற விதத்தை எளிதில் காண்பதில்லை. அனுபவமுள்ள செம்மையாளரும் இதற்கு விலக்கல்ல. வாக்கியத்தை வாய்விட்டு, நிறுத்தும் இடத்தை மாற்றி மாற்றிப் படிப்பது உதவும். பெயரெச்சம் வரும் இடமெல்லாம் ‘எது? யார்?’ என்றும், எதிர்மறை வரும் இடமெல்லாம் ‘எது இல்லை?’ என்றும், சுட்டுப்பெயர் வரும் இடமெல்லாம் ‘எவர்?’ என்றும் கேட்டுக்கொண்டே போவது இன்னும் உறுதியான வழி. உள்ளடக்கத்தோடு தொடர்பில்லாத ஒருவர் அதே பக்கத்தைப் படித்துத் தமக்குப் புரிந்ததைச் சொன்னால் மறைந்திருந்த பொருள் பல வேளைகளில் வெளியே வரும். இந்த ஐயங்களை மிக நன்றாகக் கண்டுபிடிப்பவர் மொழிபெயர்ப்பாளர். வேறு மொழியில் எழுவாயை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டியபோதுதான் மூலத்தில் அது இல்லை என்பது தெரியவரும்.

4. ஒரு வாக்கியம், முழுமையாக

முறையை விளக்குவதற்காக அமைத்த ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பார்க்கலாம். ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் வரலாற்றை அதன் முன்னாள் செயலாளர் எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். நான்காம் அத்தியாயத்தில் இப்படி ஒரு வாக்கியம் வருகிறது: ‘1962இல் சங்கத் தலைவரான சுப்பையாவின் தம்பி, அண்ணனைப் போல வெளியூர் வியாபாரிகளிடம் நூல் வாங்கவில்லை.’

இதில் இரண்டு ஐயங்கள் பின்னிக் கிடக்கின்றன. 1962இல் தலைவரானவர் சுப்பையாவா, தம்பியா என்பது ஒன்று. ‘தலைவரான’ என்பது அடுத்து நிற்கும் சுப்பையாவையும் தழுவும், தாண்டிச் சென்று தம்பியையும் தழுவும். அண்ணன் வெளியூர் வியாபாரிகளிடம் நூல் வாங்கினாரா, இல்லையா என்பது மற்றொன்று. இரண்டையும் பெருக்கினால் நான்கு வேறு வரலாறுகள் வருகின்றன. தம்பிக்குப் பின் இருக்கும் காற்புள்ளி இவற்றில் எதையும் தீர்க்கவில்லை.

செம்மையாளர் முதலில் பிரதியைத் தேடுகிறார். ஐந்தாம் அத்தியாயத்தில் 1964ஆம் ஆண்டின் பொதுக்குழுக் கூட்டத்துக்குத் தலைவர் சுப்பையா தலைமை தாங்கினார் என்று இருக்கிறது. அப்படியானால் 1962இல் தலைவரானவரும் சுப்பையாவே என்று முடிவு செய்யத் தோன்றும். ஆனால் இது சான்று அல்ல. தம்பி 1962இல் தலைவராகி, அடுத்த தேர்தலில் அண்ணன் வந்திருக்கவும் கூடும். தம்பி தலைவராக இருந்திருக்க முடியாது என்று அந்த வரி விலக்கவில்லை. நூல் வாங்கியதைப் பற்றி வேறு எங்கும் குறிப்பில்லை. ‘அண்ணனைப் போல… இல்லை’ என்பதைப் பெரும்பாலோர் மாறுபாடாகவே படிப்பார்கள்: அண்ணன் வாங்கினார், தம்பி வாங்கவில்லை. ஊகித்துத் திருத்தினால், சுப்பையா 1962இல் தலைவரானார், வெளியூரில் நூல் வாங்கினார், தம்பி வாங்கவில்லை என்ற வாக்கியம் கிடைக்கும். படிக்க நன்றாகவே இருக்கும்.

கேட்டபோது வந்த விடை வேறு. 1962இல் தலைவரானவர் தம்பி. அண்ணன் அதற்கு முன்பும் தலைவராக இருந்தவர், 1964 தொடக்கத்தில் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். சங்கத்தின் நூல் அரசு நூற்பாலையிலிருந்தே வர வேண்டும் என்பது அண்ணன் வகுத்த நெறி. தம்பியும் அதையே கைக்கொண்டார். ஊகத்தில் எழுந்த வாக்கியத்தின் இரண்டு பாதிகளும் தவறு. அதற்கும் மேலாக, ஒரு நெறியை வகுத்தவர் அதை மீறியவராக அச்சில் ஏறியிருப்பார். அவருடைய குடும்பத்தினர் நூலைக் கையில் எடுத்துப் பார்க்கும் நாளில்தான் அது தெரிய வந்திருக்கும்.

விடை கிடைத்த பின் வாக்கியத்தை அமைப்பது எளிது: ‘1962இல் சுப்பையாவின் தம்பி சங்கத் தலைவரானார். அண்ணன் காலத்தைப் போலவே அவர் காலத்திலும் சங்கம் வெளியூர் வியாபாரிகளிடம் நூல் வாங்கவில்லை.’ ஒரு வாக்கியம் இரண்டாக உடைந்ததால் ‘தலைவரான’ என்ற பெயரெச்சம் வினைமுற்றாகி ஒரு எழுவாயோடு நின்றுவிட்டது. ‘போலவே’ என்பதிலுள்ள ஏகாரமும் ‘காலத்திலும்’ என்பதிலுள்ள உம்மையும் சேர்ந்து மாறுபாட்டுப் பொருளை வெளியேற்றிவிட்டன. 1964இல் அண்ணன் மீண்டும் வந்தார் என்ற செய்தியை ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு வரியாகச் சேர்க்கும்படி எழுதியவரே சொல்லலாம். ஒரு நல்ல கேள்வி தான் கேட்டதைவிடக் கூடுதலாகவும் கொண்டுவரும். ஊகத்துக்கு அந்த ஆற்றல் இல்லை.

5. கேள்வியை அமைக்கும் முறை

அதே ஐயத்தைத் தவறாகக் கேட்டால் விடையும் தவறாகவே வரும். மூன்று தவறான கேள்விகள் அடிக்கடி எழுதப்படுகின்றன.

‘இந்த வாக்கியம் சரியா?’ என்பது ஒன்று. எழுதியவர் அதை மீண்டும் தம் மனத்திலிருக்கும் பொருளில் படிப்பார். அவருக்கு அது சரியாகவே தோன்றும். ‘சரி’ என்று பதில் எழுதுவார். ஐயம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

‘தெளிவாக இல்லை, திருத்தித் தரவும்’ என்பது இரண்டாவது. எது தெளிவாக இல்லை என்று தெரியாமல் எழுதியவர் பத்தி முழுவதையும் மாற்றி எழுதுவார். பழைய ஐயம் தப்பிப் பிழைக்கலாம். புதிதாக இன்னொன்றும் சேரலாம்.

‘சுப்பையாதான் தலைவர் என்று மாற்றியிருக்கிறேன், பார்க்கவும்’ என்பது மூன்றாவது. கேட்பதுபோல் தோன்றினாலும் இது ஊகத்துக்கு ஒப்புதல் வாங்குவதுதான். நூறு திருத்தங்களுக்கு நடுவே அதைப் பார்க்கும் எழுதியவர் தலையசைத்துவிட்டுப் போக வாய்ப்பு அதிகம்.

நல்ல கேள்வி இரண்டு பொருளையும் முழு வாக்கியங்களாக, ஒன்றுக்கொன்று சமமாக எழுதிக் காட்டும். மேற்கண்ட வாக்கியத்துக்குக் கேள்வி இப்படி அமையலாம்: ‘பக்கம் 58, வரி 12. இந்த வாக்கியத்தை வாசகர் இரண்டு விதமாகப் படிக்கக்கூடும். (அ) 1962இல் தலைவரானவர் சுப்பையா. (ஆ) 1962இல் தலைவரானவர் அவருடைய தம்பி. இவற்றில் எது நடந்தது? பக்கம் 71இல் 1964இல் சுப்பையா தலைவர் என்று இருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.’ அதன் கீழே நூல் வாங்கியது பற்றிய கேள்வி தனி எண்ணோடு இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்டால் முதலாவதுக்கு மட்டும் விடை வரும்.

இந்த அமைப்பில் மூன்று செய்திகள் கவனிக்கத்தக்கவை. கேள்வி இலக்கணத்தைப் பற்றியது அல்ல, நடந்ததைப் பற்றியது. எழுதியவர் இலக்கணம் தெரியாதவராக இருந்தாலும் அதற்கு விடை சொல்ல முடியும். ஐயம் வாசகருடையதாக வைக்கப்படுகிறது. எழுதத் தெரியவில்லை என்ற குற்றச்சாட்டு அதில் இல்லை. ‘அ’ என்றோ ‘ஆ’ என்றோ ஒரே எழுத்தில் விடை தரலாம். அதே சமயம் இரண்டும் இல்லை என்று சொல்லவும் வழி திறந்திருக்கிறது. இந்தக் கடைசி வழியை மூடாமல் இருப்பது முக்கியம். சில வேளைகளில் செம்மையாளர் எண்ணாத மூன்றாவது பொருளே உண்மையாக இருக்கும்.

கேள்விகளின் எண்ணிக்கையும் கவனத்துக்குரியது. நடையைப் பற்றிய விருப்பங்களையெல்லாம் கேள்வியாக்கினால் பட்டியல் நீளும். நீண்ட பட்டியலின் பிற்பகுதிக்கு அவசரமான விடைகளே வரும். செய்தியை மாற்றக்கூடிய ஐயங்கள் முதலில், தனியாக வர வேண்டும். நடை பற்றியவற்றைச் செம்மையாளர் தம் பொறுப்பில் முடித்துவிட்டு மாற்றத்தை மட்டும் காட்டினால் போதும்.

6. காலமும் செலவும்

கேள்விக்கு உரிய காலம் பிரதி பக்கமாக அமைவதற்கு முன். காகிதப் பிரதியில் கேள்வியை ஓரத்தில் பென்சிலால் எழுதுவதோ தாளின் விளிம்பில் சீட்டு ஒட்டுவதோ வழக்கமாக இருந்தது. இப்போது கணினிக் கோப்பில் ஓரக் குறிப்பாக இடப்படுகிறது. எந்த வடிவத்திலும் ஒரு விதி பொருந்தும்: விடை வரும்வரை வாக்கியத்தில் கை வைக்கக்கூடாது. ஓரத்தில் கேள்வியை எழுதிவிட்டு வாக்கியத்தையும் ஊகத்தின்படி மாற்றி வைத்தால், குறிப்பு நீக்கப்படும் நாளில் ஊகம் மட்டும் எஞ்சும்.

பக்க அமைப்பு முடிந்தபின் இரண்டு வரி கூடினால் அடுத்த பக்கத்தின் தொடக்கம் நகரும். படத்தின் இடம் மாறும். சொல்லடைவு தயாராகியிருந்தால் அதன் பக்க எண்களும் பிழையாகும். மெய்ப்புக் கட்டத்தில் ஐயத்தைக் காண்பவர் ஊகிக்கத் தூண்டப்படுவது இந்தச் செலவினால்தான். அந்தக் கட்டத்திலும் கேட்கத்தான் வேண்டும். விடை வந்தபின் அதே அளவு இடத்தில் அடங்கும்படி வாக்கியத்தை அமைத்துக்கொள்ளலாம்.

நாளிதழில் நிலை வேறு. பக்கம் மூடும் நேரம் காத்திருக்காது. அங்கே கேள்வி தொலைபேசியில் கேட்கப்படுகிறது. செய்தியாளர் கிடைக்காவிட்டால் அவர் தகவல் பெற்ற இடத்தை விசாரிக்கலாம். அதுவும் முடியாதபோது ஐயத்துக்குரிய பகுதியை நீக்குவதே பாதுகாப்பான வழி. ‘சென்னையிலிருந்து வந்த ஆசிரியரின் மகள்’ என்பதில் ‘சென்னையிலிருந்து வந்த’ என்பதை எடுத்துவிட்டால் ஒரு செய்தி குறையும்; பொய் சேராது. ஐயத்துக்குரிய பகுதிதான் செய்தியின் உயிர் என்றால் அந்தச் செய்தி மறுநாளுக்குக் காத்திருக்க வேண்டும்.

7. எழுதியவரைக் கேட்க முடியாதபோது

எழுதியவர் மறைந்துவிட்டாலும் அணுக முடியாதவராக இருந்தாலும் ஊகத்துக்கு உரிமை வந்துவிடுவதில்லை. ஐயத்தை வாசகருக்குக் காட்டும் கடமைதான் வருகிறது. ஓலைச்சுவடிகளிலிருந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர்கள் இதை மிகக் கடுமையான நிலையில் சந்தித்தார்கள். சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடாது. ரகரமும் காலும் ஒரே வடிவில் இருக்கும். ஒரே எழுத்து வரிசையைப் பல விதமாகப் படிக்க முடிந்தது. உ.வே. சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணியும் 1894இல் வெளியிட்ட புறநானூறும் பல சுவடிகளை ஒப்பிட்டு உருவானவை. தாம் தேர்ந்த பாடத்தை மேலே வைத்து, மாறுபட்ட பாடங்களைப் பிரதிபேதமாகக் குறித்துத் தருவது அவர் பதிப்பு முறை. தேர்வு தவறானால் பின்வருவோர் மாற்றிக்கொள்ள அது வழி விட்டது. மாறாக, தமக்குப் புரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றி எழுதிய ஏடெழுதுவோர் விட்டுச் சென்ற ஊகங்களை இனங்காண்பதற்கே பதிப்பாசிரியர்கள் பெரும் உழைப்பைச் செலவிட வேண்டியிருந்தது.

சட்டத்தில் இந்நிலை இன்னும் கூர்மையானது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கூடுதல் நேர ஊதியம் பெறாத வேலைகளைப் பட்டியலிட்ட ஒரு சட்டப்பிரிவு, பட்டியலின் இறுதியில் பொட்டலமிடுதலையும் அனுப்புதலையும் விநியோகத்தையும் அடுத்தடுத்துச் சொன்னது. விநியோகம் தனி வேலையா, அல்லது விநியோகத்துக்காகப் பொட்டலமிடுவதையே அது குறித்ததா என்பது அந்த வாக்கிய அமைப்பில் தெளிவாக இல்லை. நடுவில் ஒரு காற்புள்ளி இல்லாததே காரணம். ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் வண்டியோட்டிகள் விநியோகம் செய்தார்கள், பொட்டலமிடவில்லை. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டம் இருபொருள் தருவதென்று கண்டு, தொழிலாளருக்குச் சாதகமான பொருளை ஏற்றது. 2018இல் வழக்கு 50 லட்சம் டாலர் தருவதென்ற உடன்பாட்டில் முடிந்தது. சட்டமன்றம் அந்தப் பிரிவை அரைப்புள்ளிகள் இட்டு மாற்றி எழுதியது. சட்டம் நிறைவேறிய பின் வரைந்தவரைக் கேட்டுப் பொருள் தீர்மானிக்க நீதிமன்றத்துக்கு வழியில்லை. பொருள்கோள் விதிகளைக் கொண்டே அது தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். வரைவு மேசையில் இருந்தபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இருபொருள் வேண்டுமென்றே வைக்கப்பட்டதாகவும் இருக்கலாம். சிலேடை தமிழ்ச் செய்யுளின் பழைய அணி. சிறுகதையிலும் ஒரு பாத்திரத்தின் பேச்சு இரண்டு பக்கமும் வெட்டும்படி அமையலாம். அங்கே பொருளைத் தெளிவாக்குவது படைப்பைச் சிதைப்பதாகும். இதையும் ஊகத்துக்கு விடாமல் ‘இரண்டு பொருளும் நிற்க வேண்டுமா?’ என்று கேட்டுவிடலாம். ஆம் என்றால் வாக்கியத்தைத் தொடக்கூடாது என்ற குறிப்பு மெய்ப்புப் பார்ப்பவருக்கும் போய்ச் சேர வேண்டும். இல்லையேல் செம்மையாளர் காத்ததை அடுத்தவர் திருத்திவிடுவார்.

கேள்விகளையும் விடைகளையும் தேதியோடு ஒரு கோப்பில் வைப்பது பதிப்பகத்தின் வேலை. மறுபதிப்பின்போது புதிதாக வரும் செம்மையாளருக்கு அதே வாக்கியத்தில் அதே ஐயம் எழும். அப்போது எழுதியவர் இல்லாமலும் போகலாம். முதல் பதிப்பில் அவர் சொன்ன விடை கோப்பில் இருந்தால், கேட்க வேண்டியதும் இல்லை, ஊகிக்க வேண்டியதும் இல்லை.